ஸ்லாப் விலையை பைனரி மாறிகளால் எழுதுவது: நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

அட்டைப்பெட்டி, லேபிள், பிளாஸ்டிக் உறை போன்ற பேக்கிங் பொருள்களில் எந்த மாதம் எவ்வளவு வாங்குவது என்று கணக்கிடும் ஒரு மாதிரியைப் பல ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறேன். பைதானில் PuLP கொண்டு எழுதியிருக்கிறோம். முதலில் CBC சால்வரில் ஓட்டினோம், இப்போது HiGHS சால்வரில் ஓட்டுகிறோம். இந்த மாதிரியில் அதிகம் பயன் தந்ததும் அதிகக் கவனத்தைக் கேட்டதும் ஒரே பகுதிதான்: வாங்கும் அளவு கூடும்போது விலை குறையும் ஸ்லாப் விலை.

ஒரு விலைப்பட்டியலை எடுத்துக்கொள்வோம். 499 பெட்டிகள் வரை ஒன்று 50 ரூபாய், 500 முதல் 1999 வரை 46 ரூபாய், 2000 முதல் 43 ரூபாய். இதற்கு இரண்டு பொருள் உண்டு. 500 வாங்கினால் அந்த 500-க்கும் 46 ரூபாய் என்று சில சப்ளையர்கள் கொள்வார்கள். முதல் 500-க்கு 50 ரூபாயும் அதற்கு மேற்பட்டவற்றுக்கு மட்டும் 46 ரூபாயும் என்று வேறு சிலர் கொள்வார்கள். முதல் வகையில் 1000 பெட்டிகளின் விலை 46,000 ரூபாய், இரண்டாம் வகையில் 48,000 ரூபாய். பட்டியல் பார்ப்பதற்கு ஒன்றுபோலவே இருக்கும் என்பதால், எந்த வகை என்று சப்ளையரிடம் எழுத்தில் வாங்கிய பிறகே நாங்கள் மாதிரியில் ஏற்றுகிறோம்.

அளவு கூடக்கூட விலையும் கூடும் குவிவான செலவாக இருந்தால் பைனரி மாறியே தேவைப்படாது. சாதாரண நேரியல் நிரலே மலிவான துண்டை முதலில் நிரப்பிவிட்டு அடுத்ததற்குப் போகும். தள்ளுபடியில் மலிவான துண்டு கடைசியில் இருக்கிறது. சும்மா விட்டால் சால்வர் முதல் பெட்டியிலிருந்தே 43 ரூபாயை எடுத்துக்கொள்ளும். எந்த ஸ்லாபில் வாங்குகிறோம் என்பதை 0 அல்லது 1 என்று உறுதியாகச் சொல்லவைப்பதற்கே பைனரி மாறி வருகிறது.

முழு அளவுக்கும் தள்ளுபடி தரும் முதல் வகையை நாங்கள் இப்படி எழுதுகிறோம்:

```python
for k in K:
    m += q[k] >= L[k] * y[k]
    m += q[k] <= U[k] * y[k]
m += pulp.lpSum(y[k] for k in K) <= 1
cost = pulp.lpSum(p[k] * q[k] for k in K)
```

`y[k]` என்பது ஸ்லாப் தேர்வு, `q[k]` அந்த ஸ்லாப் விலையில் வாங்கும் அளவு, `L[k]`, `U[k]` அதன் கீழ், மேல் எல்லைகள். தேவை 470 பெட்டிகள் என்றால் அப்படியே வாங்க 23,500 ரூபாய் ஆகும். 500 வாங்கினால் 23,000 ரூபாய்தான். சரியாக எழுதிய மாதிரி 500 வாங்கச் சொல்லும், மீதி 30 பெட்டிகளைக் கையிருப்பில் வைக்கும் செலவு 500 ரூபாயைத் தாண்டாதவரை. மனிதர்கள் கணக்கிடும்போது எளிதில் விட்டுப்போகும் இந்த வாய்ப்பைப் பல பொருள்களிலும் பல மாதங்களிலும் ஒருசேரப் பிடித்துத் தருவதே இந்த முறையில் நான் பெரிதும் மதிக்கும் பலன்.

மேலே உள்ள கீழ் எல்லை வரியை எடுத்துவிட்டால் மாதிரி எந்தப் பிழையும் காட்டாமல் ஓடும். ஆனால் மூன்றாம் ஸ்லாபைத் தேர்ந்து, 470 பெட்டிகளை 43 ரூபாய் வீதம் 20,210 ரூபாய்க்கு வாங்கிவிடும். விடையில் `y[3]` 1 ஆகவும் `q[3]` 2000-க்குக் குறைவாகவும் இருப்பதே இதைக் கண்டுகொள்ளும் வழி.

இரண்டாம் வகையில் நிலைமை வேறு. அங்கே ஒவ்வொரு ஸ்லாபும் ஒரு நேர்கோடு: முதலாவது 50q, இரண்டாவது 2,000 + 46q, மூன்றாவது 8,000 + 43q. செலவுச் சார்பு குழிவானது என்பதால், எந்த அளவிலும் உண்மையான செலவு இந்த மூன்று கோடுகளில் மிகத் தாழ்ந்ததன் மதிப்புதான். எனவே நிலைத்தொகையை `y[k]` உடன் பெருக்கிச் செலவில் சேர்த்துவிட்டால், கீழ் எல்லை வரி இல்லாமலேயே சால்வர் சரியான கோட்டைத் தேர்ந்துகொள்ளும். ஒரு வகையில் விடையையே கெடுத்துவிடும் விடுபடல் இன்னொன்றில் தீங்கில்லாதது என்பதால், இரண்டுக்கும் தனித்தனி ஃபங்க்‌ஷன் எழுதி வைப்பதே நல்லது என்பது என் உறுதியான கருத்து.

இந்த இரண்டாம் வகையில் எங்கள் கவனத்தை அதிகம் கேட்டது மேல் எல்லை. `y` முழு எண்ணாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையைத் தளர்த்தித்தான் சால்வர் தன் தேடலைத் தொடங்குகிறது. மூன்றாம் ஸ்லாபின் மேல் எல்லை 5000 என்றால், தளர்வில் `y[3]` 0.094 ஆகி, 470 பெட்டிகளின் செலவு 20,962 ரூபாய் என்று தெரியும். உண்மைச் செலவு 23,500. கிடங்கில் 1000 பெட்டிகளுக்கு மேல் வைக்க இடமில்லை என்று நமக்குத் தெரிந்திருந்து, மூன்றாம் ஸ்லாபை நீக்கி இரண்டாவதன் எல்லையை 1000 ஆக்கினால், அதே தளர்வு 22,560 என்று சொல்லும். இடைவெளி சுருங்கும் அளவுக்குத் தேடலும் சுருங்குகிறது. ஓட்டம் நீண்டுகொண்டே போகும்போதெல்லாம் சால்வரின் அமைப்புகளைத் தொடுவதற்கு முன் நான் பார்ப்பது இந்த எல்லைகளைத்தான். மாதிரியை வேறு வடிவத்தில் எழுதிப் பார்க்கலாமே என்று தோன்றும். ஆனால் வழக்கமான மூன்று வடிவங்களின் தளர்வுகளும் சமமானவை, மூன்றுமே செலவுச் சார்பின் கீழ்க் குவிவு உறையையே தருகின்றன என்று குரோக்ஸ்டன், ஜென்ட்ரான், மக்னான்டி மூவரும் 2003-இல் நிறுவியிருக்கிறார்கள். அவற்றுள் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதால் தளர்வு இறுகாது. விடையைப் படித்தவுடன் ஸ்லாப் தெரிகிறது என்பதற்காகவே நான் மேற்சொன்ன வடிவத்தில் நிற்கிறேன்.

"2000-க்கு மேல்" என்ற கட்டத்தில் 999999999 என்று நிரப்பும் பழக்கம் இன்னும் கெடுதலானது. HiGHS சால்வரின் `mip_feasibility_tolerance` இயல்பாக 1e-6. `y[3]` 4.7e-07 ஆக இருந்தாலே 470 பெட்டிகள் உள்ளே வந்துவிடும். சால்வர் அதை 0 என்று ஏற்றுக்கொள்ளலாம். 8,000 ரூபாய் நிலைத்தொகையில் ஒரு பைசாகூடச் சேராது. இதனால் விடையை அச்சிடும்போது `y` மதிப்புகளை முழுமையாக்காமல் அப்படியே காட்டும்படி வைத்திருக்கிறோம்.

இன்னொரு புகார் அவ்வப்போது கொள்முதல் பிரிவிலிருந்து வரும்: 500 வாங்கினால் மலிவு என்று தெரிந்தும் திட்டம் 470 என்கிறதே என்று. பெரும்பாலும் மாதிரியில் தவறு இருக்காது. `mip_rel_gap` இயல்பாக 1e-4. மொத்தத் திட்டச் செலவு ஒரு கோடி ரூபாய் என்றால், உகந்த விடைக்கு 1,000 ரூபாய் அருகில் வந்தவுடன் சால்வர் நின்றுவிடலாம்; 500 ரூபாய் மிச்சம் அதற்குள் அடங்கிவிடுகிறது. PuLP வழியாக `gapRel` மதிப்பைக் குறைத்தால் இது சரியாகும், ஓட்ட நேரம் கூடும். தினசரி ஓட்டத்துக்கு இயல்பு மதிப்பையும் ஆர்டர் போடும் நாளுக்குக் குறைத்த மதிப்பையும் வைத்துக்கொண்டது எங்களுக்குப் பொருந்தியது.

கிலோவில் வாங்கும் பொருள்களுக்கு முதல் ஸ்லாபின் மேல் எல்லையை 499 என்று எழுதினால் 499.5 கிலோ வாங்கவே முடியாமல் போகும். அங்கே 500 என்றே எழுதலாம், செலவைக் குறைக்கும் சால்வர் 500-இல் தானாகவே மலிவான ஸ்லாபுக்குப் போய்விடும்.

விலைப்பட்டியல் மாறும்போதெல்லாம், முதல் வகைப் பொருளானால், அதை மட்டும் தனியே எடுத்து, கையிருப்புச் செலவை 0 ஆக்கி, தேவையை மாற்றி ஓட்டுகிறோம். மேலே உள்ள பட்டியலுக்கு 459 கேட்டால் 459-உம், 461 கேட்டால் 500-உம், 1869 கேட்டால் 1869-உம், 1870 கேட்டால் 2000-உம் வர வேண்டும். இந்த நான்கில் ஒன்று பிசகினாலும் பட்டியலை முழு மாதிரிக்குள் விடுவதில்லை.