முதலீட்டாளருக்கு எழுதியதை மண்டியில் பேசுவது: மூன்று வழிகள், ஓர் ஒப்பீடு

முதலீடு கேட்பதற்காகத் தயாரித்த, பன்னிரண்டு ஸ்லைடுகள் கொண்ட ஒரு பிட்ச் டெக் என்னிடம் வந்தது. காய்கறிச் சந்தைகளில் ஐந்து டன் குளிர் அறைகளை நிறுவி, பெட்டிக்கு இவ்வளவு என்று நாள் வாடகை வாங்கும் ஒரு சிறு நிறுவனம் அதைத் தயாரித்திருந்தது. அறை சூரிய மின்சாரத்தில் ஓடும். போதாதபோது மின்வாரிய இணைப்பிலிருந்து எடுத்துக்கொள்ளும். முதலீட்டாளர்களிடம் டெக்கைக் காட்டி முடித்துவிட்டார்கள். அடுத்ததாக ஒட்டன்சத்திரத்தில், இடம் கொடுத்து அறையைக் கவனித்துக்கொள்ளக்கூடிய நான்கு கமிஷன் மண்டி உரிமையாளர்களுடன் சந்திப்பு. ஸ்லைடுகள் அப்படியே இருக்கட்டும், பேசுவதற்குத் தமிழில் குறிப்பு மட்டும் எழுதித் தாருங்கள் என்றார்கள்.

ஐந்தாவது ஸ்லைடில் பெரிய எழுத்தில் இருந்த வரியின் பொருள் இது: இடைத்தரகர்களை அடியோடு நீக்குகிறோம்.

கேட்கப்போகிறவர்களே அந்த இடைத்தரகர்கள்தான். எழுதியவர்கள் கெட்ட எண்ணத்தில் எழுதவில்லை. பணம் போடுகிறவரைப் பார்த்து எழுதிய வாசகம் அது. அதை இடமும் ஆளும் ஊரில் சம்பாதித்த பெயரும் போடப்போகிறவரின் முன்னால் எப்படிப் பேசுவது என்பதுதான் வேலை. எனக்குத் தெரிந்து அதற்கு மூன்று வழிகள் உண்டு. மூன்றையும் அந்த டெக்கை வைத்தே ஒப்பிடுகிறேன்.

முதல் வழி: ஸ்லைடுக்கு ஸ்லைடு முழு மொழிபெயர்ப்பு

பலரும் முதலில் கேட்பது இதைத்தான். ஒவ்வொரு ஸ்லைடுக்கும் முழு வாக்கியங்களில் உரை இருக்கும். பேசுகிறவர் பார்த்து வாசித்துவிடலாம். எதுவும் விடுபடாது, யார் பேசினாலும் ஒரே விஷயம் போய்ச்சேரும். இந்த இரண்டும் உண்மையான நன்மைகள். பிறகு நானே இவற்றைக் கடன் வாங்கப்போகிறேன்.

ஆனால் முதலீட்டு மொழியின் சொற்கள் அப்படியே தமிழுக்கு வந்தால் வேறு பொருள் கொள்கின்றன. என் கைக்கு வந்த முதல் வரைவில், நிறுவனத்தின் மாதச் செலவு ‘எரிப்பு’ என்றும், முதலீட்டாளர் பங்கை விற்றுவிட்டு விலகும் கட்டம் ‘வெளியேற்றத் திட்டம்’ என்றும் இருந்தன. இடம் கொடுக்கிறவரிடம் நம்முடைய வெளியேற்றத் திட்டத்தைப் பற்றிப் பேசினால், இவர்கள் எப்போது ஓடப்போகிறார்கள் என்றுதான் அவர் கணக்குப் போடுவார். நிறுவனத்தின் தொடக்க முதலீட்டைச் சொல்லும் ‘விதை நிதி’ இன்னும் குழப்பம். காய்கறிச் சந்தையில் விதை என்றால் விதைதான்.

இவற்றைவிட ஆபத்தான சொல், யாருக்கும் தவறாகவே தெரியாத ‘பங்குதாரர்’. ஆங்கிலத்தில் பார்ட்னர் என்பது தளர்வான சொல். கூட வேலை செய்கிறவர் யாரையும் அப்படி அழைக்கலாம். தமிழ் வியாபாரியின் காதில் பங்குதாரர் என்றால் லாப நஷ்டத்தில் பங்கு உள்ளவர். 1932ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டமும் லாபத்தைப் பகிர்ந்துகொள்ளச் சம்மதித்தவர்களின் உறவையே கூட்டாண்மை என்கிறது. இங்கே பேசப்படுவதோ வாடகையில் ஒரு சதவீதம் மட்டும். அதே வரைவில் நிறுவனப் பங்கு, சந்தைப் பங்கு, வாடகையில் பங்கு என்று இன்னும் மூன்று பங்குகள் இருந்தன. கேட்கிறவர் எதை எடுத்துக்கொள்வார்? நான் பங்கு என்ற சொல்லையே எடுத்துவிட்டேன். மண்டி உரிமையாளரை ‘அறையை நடத்துகிறவர்’ என்றும், அவருக்குச் சேர்வதைக் ‘கமிஷன்’ என்றும் எழுதினேன். கமிஷன் அவர்கள் தினமும் புழங்கும் சொல். அதற்கு விளக்கம் தேவையில்லை.

இன்னொரு சிக்கல் வினைமுற்றில் இருக்கிறது. டெக்கில் வரும் மதிப்பீடுகளை முதலீட்டாளர் மதிப்பீடுகளாகவே படிக்கிறார். அது அந்த வகை ஆவணத்தின் வழக்கம். அதையே நேருக்கு நேர் உட்கார்ந்து ‘மாதம் எட்டாயிரம் கிடைக்கும்’ என்று சொன்னால் அது வாக்கு. ஆறு மாதம் கழித்து அந்தச் சொல்லைத் திருப்பிக் கேட்பார்கள்; கேட்பது நியாயமும்கூட.

கடைசியாக, எழுத்துத் தமிழை உரக்க வாசித்தால் செய்தி வாசிப்பதுபோல ஒலிக்கும். வாசிக்கிறவரின் கண் தாளிலேயே இருக்கும். எதிரே இருப்பவர் தலையை ஆட்டுகிறாரா, புருவத்தைச் சுருக்குகிறாரா என்பது தெரியாமல் போகும்.

இரண்டாம் வழி: ஆங்கிலத்தில் பேசி, அருகில் ஒருவர் தமிழில் சொல்வது

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம். பேசுகிறவருக்குத் தமிழ் அறவே வராது என்றால் வேறு வழியில்லை. கம்ப்ரசர், வெப்பநிலை பற்றிய நுட்பமான கேள்விகளுக்கு விவரம் தெரிந்தவரே பதில் சொல்ல முடிவதும் நல்லது. தக்காளியை நான்கு டிகிரியில் வைத்தால் குளிர் தாக்கிக் கெட்டுவிடும், பன்னிரண்டு டிகிரியை ஒட்டி வைக்க வேண்டும். கேரட்டுக்கோ பூஜ்யத்தை ஒட்டிய குளிர் வேண்டும். ஒரே அறையில் இரண்டையும் எப்படி வைப்பீர்கள் என்று மண்டியில் கட்டாயம் கேட்பார்கள். பொறியாளர் எதிரே இருந்தால் மழுப்பாமல் பதில் வரும்.

மற்றபடி, ஒவ்வொரு விஷயமும் இரண்டு முறை பேசப்படுவதால் நேரம் இரட்டிப்பாகிறது. எது மதிப்பீடு, எது வாக்கு என்பதை மொழிபெயர்க்கிறவர் அந்த நொடியில் முடிவு செய்யவேண்டியிருக்கிறது. அவர் பெரும்பாலும் நிறுவனத்தின் இளைய களப் பணியாளர். அந்தச் சுமையை அவர் தலையில் வைப்பது சரியல்ல. திரையில் ஐந்தாவது ஸ்லைடும் அப்படியே ஓடிக்கொண்டிருக்கும். கல்லூரியில் படிக்கும் மகனைக் கூட்டத்துக்கு அழைத்துவரும் உரிமையாளருக்கு அது புரியாமல் போகாது.

மூன்றாம் வழி: கேட்பவரின் கேள்வி வரிசையில் திருப்பி அடுக்குவது

நான் தேர்ந்தெடுப்பது இதை. ஆனால் மூன்றிலும் அதிக வேலை வாங்குவது இதுதான். ஸ்லைடுகளை ஒதுக்கிவிட்டு, நான்கு உரிமையாளர்களும் எதை முதலில் கேட்பார்கள் என்று எழுதிப் பார்த்தேன். எவ்வளவு இடம் வேண்டும்? நான் பணம் போட வேண்டுமா? எனக்கு என்ன வரும்? சரக்கு கெட்டால் யார் பொறுப்பு? இந்தக் கேள்விகளுக்கான பதில்கள் டெக்கில் அங்கங்கே சிதறிக் கிடந்தன. சந்தையின் மொத்த அளவைக் காட்டும் ஸ்லைடுக்கு இங்கே வேலையே இல்லை. நாடு முழுவதும் எத்தனை ஆயிரம் கோடி ரூபாய்க் காய்கறி வீணாகிறது என்பது முதலீட்டாளரின் கேள்வி. ஒரு மண்டியில் ஒரு நாளில் எத்தனை பெட்டி மிஞ்சுகிறது என்பதே இவர்களின் கேள்வி.

அதனால் எட்டாவது ஸ்லைடின் கணக்கை ஓர் அறை அளவுக்குச் சுருக்கினேன். ஐந்து டன் என்றால் இருபது கிலோ பெட்டிகள் 250. டெக் எடுத்துக்கொண்ட நிரப்பு அளவு 60 சதவீதம்; அதாவது 150 பெட்டி. பெட்டிக்கு நாளொன்றுக்கு 12 ரூபாய் வைத்தால் தினம் 1,800, முப்பது நாளுக்கு 54,000. அறையை நடத்துகிறவருக்கு அதில் 15 சதவீதம், 8,100 ரூபாய். டெக்கில் இந்த நிரப்பு அளவு ஸ்லைடின் அடியில் சிறிய எழுத்தில் இருந்தது. தமிழ் வாக்கியத்தில் நிபந்தனை இயல்பாகவே முன்னால் வந்துவிடும். தொகை பிறகுதான் வரும். அந்த இயல்பையே பயன்படுத்தி, பாதி நிரம்பாத நிலையையும் சேர்த்துக் குறிப்பை இப்படி எழுதினேன்:

150 பெட்டி நிரம்பினால் — மாத வாடகை 54,000 — கமிஷன் 8,100
75 பெட்டிதான் நிரம்பினால் — 27,000 — கமிஷன் 4,050
அறை காலி — கமிஷன் இல்லை. மின் கட்டணம் நம்முடையது

வரிகளில் வினைமுற்று இல்லை என்பதைக் கவனியுங்கள். வேண்டுமென்றே விட்டது. பேச்சுக்கும் எழுத்துக்கும் உள்ள வேறுபாடு மிகப் பளிச்சென்று தெரிவது வினையின் முடிவில்தான். பெயர்களையும் எண்களையும் நிபந்தனைகளையும் தாள் கொடுத்துவிட்டால், முடிவைப் பேசுகிறவரின் வாய் தன் ஊர்ப் பேச்சில் தானே போட்டுக்கொள்ளும். நிறுவனர் சென்னையில் வளர்ந்தவர். இந்தக் குறிப்பை வைத்துப் பேசிப் பார்த்தபோது இரண்டாம் முறையிலேயே தாளிலிருந்து தலை நிமிர்ந்தது.

இடைத்தரகர் வரியை மென்மையாக்கித் தரும்படி கேட்டார். மென்மையாக்கவில்லை. ‘உண்மையில் என்ன நடக்கும்?’ என்று கேட்டேன். விலை விழுந்த நாளில் விவசாயி சரக்கை இரண்டு நாள் வைத்திருப்பார். பிறகும் அதே மண்டியில்தான் விற்பார் என்றார். அப்படியானால் டெக்கின் வரிதான் மிகை. அன்றைய கமிஷன் இரண்டு நாள் தள்ளிப்போகும், ஆனால் குப்பைக்குப் போகவிருந்த சரக்கு ஏலத்துக்கு வரும் என்று இரண்டு பக்கத்தையும் குறிப்பில் வைத்தோம். தள்ளிப்போகும் என்பதை நாம் சொல்லாவிட்டாலும் அவர்கள் ஒரு நிமிடத்தில் கண்டுபிடிப்பார்கள்.

பத்தாவது ஸ்லைடுதான் என்னை உண்மையிலேயே நிறுத்தியது. வாடகையில் நிறுவனம் எடுத்துக்கொள்ளும் விகிதம் மூன்றாம் ஆண்டில் 85லிருந்து 92 சதவீதமாக உயரும் என்று அதில் ஒரு கோடு ஏறிக்கொண்டிருந்தது. முதலீட்டாளருக்கு அது நல்ல செய்தி. மண்டிப் பக்கமிருந்து பார்த்தால் 15 சதவீதம் எட்டாகக் குறைகிறது. அதே 54,000 ரூபாயில் 8,100 வாங்கியவர் 4,320 வாங்குவார். குறிப்பில் இதை விட்டுவிட்டால் யாருக்கும் தெரியாது என்பதே எனக்குப் பொறுக்கவில்லை. இது மொழி சார்ந்த சிக்கலே அல்ல. எந்தத் தமிழிலும் தீராது. இரண்டு வழிகள்தான் உண்டு என்று சொன்னேன்: குறைவதை இப்போதே சொல்லுங்கள், அல்லது குறைக்க மாட்டோம் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். இரண்டு நாள் யோசித்து, முதல் ஐந்து ஆண்டுக்கு 15 சதவீதம் மாறாது என்று முடிவெடுத்தார்கள். முதலீட்டாளர் டெக்கிலும் அந்தக் கோட்டைத் திருத்தினார்கள்.

மூன்றாம் வழியின் குறையையும் சொல்லவேண்டும். எல்லாம் பேசுகிறவரை நம்பியிருக்கிறது. இன்று ஒருவர் ஒட்டன்சத்திரத்திலும் நாளை இன்னொருவர் வேறொரு சந்தையிலும் பேசினால், இரண்டு ஊருக்கும் இரண்டு நிபந்தனைகள் போய்விடும். அதற்குத்தான் முதல் வழியிலிருந்து கடன். கமிஷன் விகிதம், அது மாறாத காலம், சரக்கு கெட்டால் யார் ஈடு கட்டுவது, ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ள எத்தனை நாள் முன்னறிவிப்பு ஆகிய நான்கை மட்டும் முழு வாக்கியங்களில், நல்ல எழுத்துத் தமிழில் ஒரே பக்கத்தில் எழுதினேன். அதைப் பேசக்கூடாது, சொல் மாறாமல் வாசிக்கவேண்டும். வாசித்த பிறகு அந்தப் பக்கத்தின் பிரதியை ஆளுக்கொன்று கொடுத்துவிடவேண்டும்.

ஒட்டன்சத்திரம் சந்திப்பில் திரையில் மூன்று படங்கள் மட்டும் ஓடின: அறை, அது நிற்கப்போகும் இடத்தின் வரைபடம், மேலே உள்ள கணக்கு. கணக்கு வந்ததும் மூத்தவர் ஒருவர், “தம்பி, மாசி பங்குனியில் 75 பெட்டிகூட வராதே, அதற்கு என்ன போட்டிருக்கிறீர்கள்?” என்று கேட்டார். குறிப்பில் அந்த வரி இல்லை. நிறுவனர் பேனாவை எடுத்து, அவர் சொன்ன 40 பெட்டியை அங்கேயே கணக்கில் நான்காவது வரியாக எழுதினார்: 40 பெட்டி — 14,400 — கமிஷன் 2,160.