வாட்ச் பதிவுகள் ஸ்ட்ராவாவுக்குப் போகும் வழி: நீண்ட காலப் பயன்பாட்டில் கண்டவை

ஜிபிஎஸ் வாட்ச் கட்டிக்கொண்டு ஓடத் தொடங்கிய காலத்திலிருந்தே என் ஓட்டங்களை, ஓட்டக் கணக்கு வைக்கும் செயலியான ஸ்ட்ராவாவில்தான் சேர்த்துவருகிறேன். வாட்சைப் பற்றியோ செயலிகளைப் பற்றியோ எனக்குப் பெரிய குறை இல்லை. ஆனால் இவற்றுக்கு நடுவே பதிவு எப்படிப் பயணம் செய்கிறது என்பதை அறிந்துகொள்ளாமல் வருடக்கணக்கில் ஒழுங்கான கணக்கு வைத்திருக்க முடியாது என்பது என் உறுதியான கருத்து.

புதிய போனுக்கு மாறிய பிறகுதான் இது எனக்குத் தெளிவானது. ஒரு காலை இடைவெளிப் பயிற்சி ஸ்ட்ராவாவில் இரண்டு முறை நின்றது. முதல் பதிவில் 9.62 கிலோமீட்டர், 58 நிமிடம் 20 விநாடி, வரைபடம், ஒவ்வொரு சுற்றின் நேரம், இதயத் துடிப்புக் கோடு எல்லாம் இருந்தன. இரண்டாவதிலும் அதே தொலைவுதான். ஆனால் நேரம் 1 மணி 4 நிமிடம். வரைபடமும் இல்லை, சுற்றுகளும் இல்லை. முதலாவதில் சராசரி வேகம் கிலோமீட்டருக்கு 6:04. இரண்டாவதில் 6:39. சுற்றுகளுக்கு நடுவே நான் நின்ற நேரத்தை முதலாவது கழித்துவிட்டது, இரண்டாவது சேர்த்துக்கொண்டது. வாரக் கணக்கில் 19.24 கிலோமீட்டர் ஏறியது. காலணி எவ்வளவு ஓடியது என்று ஸ்ட்ராவா வைக்கும் கணக்கிலும் அந்த ஓட்டம் இரண்டு முறை ஏறியது. இது எனக்கு முக்கியம், ஏனென்றால் அந்த எண்ணைப் பார்த்துத்தான் காலணியை மாற்றுகிறேன்.

காரணம் எளியது. வாட்ச் நிறுவனத்தின் செயலி ஸ்ட்ராவாவுக்கு நேரடியாக ஒரு பிரதியை அனுப்புகிறது. அதே செயலி, போனில் உள்ள ஆரோக்கியத் தரவுக் களஞ்சியத்திலும் ஒரு பிரதியை எழுதுகிறது. ஐபோனில் இது ஆப்பிள் ஹெல்த், ஆண்ட்ராய்டில் ஹெல்த் கனெக்ட். புதிய போனில் செயலிகளை நிறுவும்போது அனுமதி கேட்கும் திரைகள் வரிசையாக வரும். அங்கே ஸ்ட்ராவாவுக்கும் களஞ்சியத்தைப் படிக்கும் அனுமதி கிடைத்துவிட்டால், ஒரே ஓட்டம் இரண்டு வாய்க்கால் வழியாக ஒரே வயலுக்கு வந்து சேர்கிறது.

ஸ்ட்ராவா இரட்டைப் பதிவுகளைத் தடுக்கத்தான் செய்கிறது. ஏற்கெனவே உள்ள கோப்பையே மறுபடி பதிவேற்றினால் ஏற்றுக்கொள்ளாது. ஆனால் களஞ்சியம் வழியாக வருவது கோப்பின் நகல் அல்ல. தொடக்கம், முடிவு, தொலைவு, கலோரி எனச் சுருக்கி எழுதப்பட்ட வேறொரு பதிவு. நேரம் சற்று மாறினாலும் அது தடுப்பைத் தாண்டி உள்ளே வந்துவிடக்கூடும். வரைபடம் இல்லாமல் வந்து நிற்கும் பதிவைக் கண்டால், களஞ்சியம் வழியாக வந்ததா என்று முதலில் பாருங்கள்.

ஊகத்தோடு விட வேண்டியதில்லை, எங்கிருந்து வந்தது என்று பார்த்தே சொல்லிவிடலாம். ஆப்பிள் ஹெல்த்தில் உடற்பயிற்சிப் பட்டியலைத் திறந்து ஒரு பதிவைத் தொட்டால் அதை எழுதிய செயலியின் பெயர் தெரியும். ஹெல்த் கனெக்டிலும் எந்தச் செயலி எழுதியது என்பது தெரியும். ஸ்ட்ராவாவின் இணையப் பக்கத்தில், வாட்சிலிருந்து நேராக வந்த பதிவில் பொதுவாக வாட்சின் பெயர் இருக்கும். என் இரண்டு பதிவுகளில் வரைபடம் உள்ளதில் மட்டுமே அது இருந்தது.

அடுத்தது நீக்கும் வரிசை. முதலில் வாய்க்காலை அடைக்க வேண்டும், பிறகுதான் பதிவை நீக்க வேண்டும். களஞ்சியத்தின் அமைப்புகளில் ஸ்ட்ராவாவுக்கு உள்ள உடற்பயிற்சி படிக்கும் அனுமதியை எடுத்துவிடுங்கள். அதன் பிறகு ஸ்ட்ராவாவில் வெறுமையான பிரதியை நீக்குங்கள். வரிசை மாறினால், களஞ்சியத்தில் பதிவு அப்படியே இருப்பதால் அது மறுபடி இறக்குமதியாகலாம். ஒரு செயலியில் நீக்கினால் மற்றதிலும் நீங்கிவிடும் என்றும் நம்பிவிடக் கூடாது. நீக்கம் பயணம் செய்வதில்லை, ஒவ்வொரு இடத்திலும் தனித்தனியாகச் செய்ய வேண்டும்.

களஞ்சியத்தில் செயலிகளுக்கு முன்னுரிமை வரிசை அமைக்கும் வசதி உண்டே, அது போதாதா என்று பலர் கேட்கிறார்கள். காலடி எண்ணிக்கை போன்ற தொகைகளைக் கூட்டும்போது எந்தச் செயலியின் எண்ணை எடுப்பது என்பதற்குத்தான் அது. இரண்டு செயலிகள் எழுதிய உடற்பயிற்சிப் பதிவுகளை அது ஒன்றாக்கித் தராது.

காணாமல் போகும் பதிவுகளுக்கும் இதே வழிப்பாதைப் பார்வைதான் உதவுகிறது. நேரடி வழியில் மூன்று கட்டங்கள். வாட்சிலிருந்து புளூடூத் வழியாகப் போனுக்கு, போனிலிருந்து வாட்ச் நிறுவனத்தின் சர்வருக்கு, அங்கிருந்து ஸ்ட்ராவாவுக்கு. ஓட்டம் வாட்சின் வரலாற்றில் இருக்கிறது, அதன் செயலியில் இல்லை என்றால் முதல் கட்டம்தான் அறுந்திருக்கிறது. என் போனில் இது அடிக்கடி நடந்தது. பேட்டரியைச் சேமிக்கும் அமைப்பு, பின்னணியில் ஓடிக்கொண்டிருந்த வாட்ச் செயலியை நிறுத்திவிட்டது. செயலியைத் திறந்ததும் பதிவு வந்துவிடும். அந்தச் செயலிக்கு மட்டும் பேட்டரிக் கட்டுப்பாட்டை நீக்கியதும் தொல்லை நின்றது.

வாட்ச் செயலியில் இருக்கிறது, ஸ்ட்ராவாவில் இல்லை என்றால் கடைசிக் கட்டத்தைப் பாருங்கள். strava.com/settings/apps பக்கத்தில் வாட்ச் செயலியின் இணைப்பு இன்னும் இருக்கிறதா என்று தெரியும். அறுந்திருந்தால் மறுபடி இணைக்கலாம். ஆனால் இணைப்பு அறுந்திருந்த நாள்களின் ஓட்டங்கள் தாமாக வந்து சேரும் என்று காத்திருக்க வேண்டாம். அவற்றைக் கையால் ஏற்றுவதே நிச்சயமான வழி.

எந்தக் கோப்பை ஏற்றுவது என்பதில்தான் நிறையப் பேர் தரவை இழக்கிறார்கள். பெரும்பாலான வாட்ச் செயலிகளின் இணையப் பக்கம் ஜிபிஎக்ஸ், டிசிஎக்ஸ் கோப்புகளைத் தரும். பலவற்றில் வாட்ச் எழுதிய மூலமான ஃபிட் கோப்பும் கிடைக்கும். கார்மின் வாட்சுகளுக்கான கார்மின் கனெக்டின் இணையப் பக்கத்திலும் அதை இறக்கிக்கொள்ளலாம். ஜிபிஎக்ஸ் அடிப்படையில் இடப்புள்ளிகளின் வரிசை. உயரமும் நேரமும் அதில் இருக்கும், சுற்றுகள் இருக்காது. டிரெட்மில் ஓட்டத்தில் இடப்புள்ளிகளே இல்லாததால் ஜிபிஎக்ஸ் எதற்கும் உதவாது. டிசிஎக்ஸில் சுற்றுகளும் தொலைவும் உண்டு. ஃபிட்டில் வாட்ச் எழுதியது அனைத்தும் இருக்கிறது. ஃபிட் கிடைக்கும்போது வேறு எதையும் தொடாதீர்கள்.

இணைய வசதியே இல்லாமல் கோப்பை எடுக்கவும் முடியும். கார்மின் வாட்சைக் கேபிள் வழியாகக் கணினியில் இணைத்தால் GARMIN/Activity என்ற கோப்புறையில் .fit கோப்புகள் இருக்கும். பிறகு strava.com/upload/select பக்கத்தில் ஒரே தடவையில் 25 கோப்புகள் வரை, ஒவ்வொன்றும் 25 எம்பிக்குள், ஏற்றலாம்.

ஓர் எச்சரிக்கை. இரட்டைப் பதிவை நீக்கும் அவசரத்தில் நல்ல பிரதி போய்விட்டால், வாட்ச் செயலி அதைத் தானாக மறுபடி அனுப்பும் என்று எண்ண வேண்டாம். ஒருமுறை அனுப்பியதோடு அதன் வேலை முடிந்துவிட்டது. மூலக் கோப்பை மறுபடி ஏற்றிக்கொள்ளலாம், ஆனால் நண்பர்கள் எழுதிய கருத்துகள் திரும்பி வராது. இதனால்தான் எது நல்ல பிரதி என்று வரைபடத்தையும் சுற்றுகளையும் பார்த்து உறுதிசெய்த பிறகே நீக்கும் பொத்தானைத் தொடுகிறேன்.

இத்தனைக்குப் பிறகும் ஒரு குறை தீரவில்லை. ஸ்ட்ராவாவில் ஓட்டத்தின் பெயரை மாற்றினாலும், நிறுத்த மறந்த கடைசிப் பகுதியை வெட்டினாலும், அந்தத் திருத்தம் வாட்ச் செயலிக்குத் திரும்பிப் போவதில்லை. ஆகவே இரண்டின் மாதத் தொலைவும் அவ்வப்போது கொஞ்சம் வேறுபடும். அப்போது நான் ஸ்ட்ராவாவின் எண்ணை ஓடிய கணக்குக்கும், வாட்ச் செயலியின் எண்ணை இதயத் துடிப்பு சார்ந்த பயிற்சிச் சுமைக்கும் எடுத்துக்கொள்கிறேன்.