சம்பளமும் படிப்பும்: சின்னச் சமன்பாடா, நீண்ட சமன்பாடா?

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் சம்பள வேலை பார்ப்பவர்களிடம் கேட்டெடுத்த தரவு கையில் இருந்தது. ஒரு வருடம் கூடப் படித்தால் சம்பளம் எவ்வளவு கூடும் என்று அறிய வேண்டும். படிப்பை மட்டும் வைத்துச் சம்பளத்தை மதிப்பிடும் சின்னப் பிற்செலவுச் சமன்பாடு ஒரு வழி. ஆண்டு 5 புலமைப்பரிசில் புள்ளியையும் சேர்த்த நீண்ட சமன்பாடு மற்ற வழி. நான் எடுத்தது நீண்டதை.

சின்னதை ஓட்டுவது சுலபம். கூடப் படித்தவர்கள் சராசரியாக எவ்வளவு கூட உழைக்கிறார்கள் என்பது மட்டும் கேள்வியானால் அதுவே போதும். ஆனால் அதே பிள்ளை இன்னொரு வருடம் படித்திருந்தால் என்ன கிடைத்திருக்கும் என்று கேட்டால் அது பிழையான விடை தரும். படிப்பில் சூட்டிகையான பிள்ளை பள்ளிக்கூடத்தில் கூட நாள் இருக்கும். அந்தச் சூட்டிகை வேலையிலும் கைகொடுக்கும். சின்னச் சமன்பாடு இரண்டையும் படிப்பின் கணக்கிலேயே எழுதிவிடும். இதைத்தான் விடுபட்ட மாறியால் வரும் கோடல் என்கிறோம்.

கணக்குச் சுலபமாக வர, இலக்கங்களை நானே வைக்கிறேன். இவை என் தரவின் முடிவுகள் அல்ல. சம்பளத்தின் மடக்கையை எடுத்து, R என்ற புள்ளிவிபர மென்பொருளில் மூன்று சமன்பாடுகளை ஓட்டுவோம்; educ படித்த வருடம், score5 ஆண்டு 5 புள்ளி:

```
lm(log(wage) ~ educ, data = d)
lm(log(wage) ~ educ + score5, data = d)
lm(score5 ~ educ, data = d)
```

முதலாவதில் படிப்பின் குணகம் 0.10, அதாவது வருடத்துக்கு ஏறத்தாழ 10 சதவீதம். இரண்டாவதில் அது 0.07 ஆகிறது; பரீட்சைப் புள்ளியின் குணகம் 0.005. மூன்றாவது, ஒரு வருடம் கூடப் படித்தவரின் ஆண்டு 5 புள்ளி சராசரியாக 6 கூட இருந்தது என்கிறது. இப்போது பெருக்குங்கள்: 0.005 × 6 = 0.03. சின்னது காட்டிய 0.10 என்பது 0.07 + 0.03.

என்னை நீண்டதன் பக்கம் இழுத்தது இந்தப் பெருக்கல்தான். விடுபட்டது சம்பளத்தைத் தொடாவிட்டாலோ, படிப்போடு சேர்ந்து நகராவிட்டாலோ பெருக்கம் பூச்சியம். அதை விட்டாலும் படிப்பின் குணகம் மாறாது. இரண்டும் இருந்தால் கோடல் நிச்சயம். அதன் திசையும் இந்தப் பெருக்கலிலேயே தெரியும். வேலை அனுபவத்தை எடுங்கள். அது சம்பளத்தைக் கூட்டும், ஆனால் ஒரே வயதில் கூடப் படித்தவருக்கு அனுபவம் குறைவு. கூட்டலும் கழித்தலும் பெருகினால் கழித்தல். அனுபவத்தை விட்டால் படிப்பின் பலன் குறைவாகத் தெரியும்.

நூறு பேருக்குப் பதில் பத்தாயிரம் பேரைக் கேட்டாலும் இது தீராது. வழு எல்லை ஒடுங்கும், ஆனால் பிழையான இடத்தைச் சுற்றித்தான் ஒடுங்கும். மீதிகளை, அதாவது உண்மையான மடக்கைக்கும் சமன்பாடு சொல்லும் மடக்கைக்கும் உள்ள வித்தியாசங்களை, வரைந்து பார்த்தும் பிடிக்க முடியாது. இழிவு வர்க்க முறை மீதிகளைப் படிப்போடு தொடர்பில்லாதபடியே உண்டாக்குகிறது, அதனால் இந்தக் கோடல் படத்தில் தெரியாது.

எந்த மாறியைச் சேர்ப்பது என்பதிலும் கவனம் வேண்டும். க.பொ.த. சாதாரண தரப் பெறுபேற்றைச் சேர்க்கச் சொன்னார் ஒரு நண்பர். நான் சேர்க்கவில்லை. அது படிப்பின் விளைவு. அதைச் சேர்த்தால் படிப்பு தந்த பலனில் ஒரு பங்கை அதுவே எடுத்துக்கொள்ளும். ஆண்டு 5 பரீட்சை பத்து வயதளவில் எழுதுவது. எத்தனை வருடம் படிப்பது என்பது பெரும்பாலும் அதற்குப் பிறகே முடிவாகும்.

சரி, நீண்டதற்கும் இங்கே ஒரு பலவீனம் உண்டு. 2009 இல் இடம்பெயர்ந்து செட்டிகுளம் முகாம்களில் இருந்த பிள்ளைகளில் பலரிடம் அந்தப் புள்ளியே இல்லை. R அந்த வரிகளைச் சத்தமில்லாமல் நீக்கிவிடும். அப்போது சின்னது எல்லாரையும், நீண்டது மிச்சமுள்ளவர்களையும் வைத்து ஓடும். மேலே சொன்ன கூட்டல் பொருந்தாது. மூன்றையும் ஒரே ஆட்களை வைத்து ஓட்டி, 0.07 உம் 0.03 உம் சேர்ந்து 0.10 வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் ஆட்கள் மாறியிருக்கிறார்கள். பொருந்தினாலும், இடம்பெயர்ந்தவர்கள் வெளியே நிற்கிறார்கள் என்பதை எழுதியே ஆகவேண்டும்.

இன்னொன்று, ஒருநாள் பரீட்சைப் புள்ளி சூட்டிகையை முழுதாக அளக்காது. காய்ச்சலோடு எழுதிய பிள்ளையும் உண்டு. ஆகவே 0.07 இலும் கொஞ்சக் கோடல் மிச்சமிருக்கலாம், அநேகமாக மேல்நோக்கி. ஒரே வீட்டுச் சகோதரர்களை ஒப்பிடும் மூன்றாவது வழியும் இருக்கிறது. குடும்பத்துக்குப் பொதுவானது அதில் அடிபட்டுப்போகும், ஆனால் படித்த வருடத்தைச் சொல்வதில் வரும் சிறு பிழை அந்த வித்தியாசத்தில் பெரிதாகி, குணகத்தைக் கீழே இழுக்கும். என் தரவில் சகோதரச் சோடிகள் மிகக் குறைவு என்பதால் அதை ஓட்டவில்லை.