"தீர்வு காணப்பட்டது" என்று வங்கி எழுதினால் அப்படியே நம்பிவிடாதீர்கள்

2024 மார்ச் 3 அன்று, வேறொரு வங்கியின் ஏடிஎம்மில் என் அட்டையைப் போட்டு 10,000 ரூபாய் எடுக்க முயன்றேன். பணம் வரவில்லை, கணக்கில் மட்டும் தொகை கழிந்துவிட்டது. அன்றே என் வங்கியில் புகார் பதிவு செய்தேன். சில நாட்களில் "பரிவர்த்தனை வெற்றிகரமாக முடிந்துள்ளது" என்ற ஒரே வரியுடன் அந்தப் புகாரை முடித்துவிட்டார்கள். மறுபடியும் விரிவாக எழுதிய பின்னர் ஏப்ரல் 14 அன்று 10,000 ரூபாய் திரும்ப வரவு வைக்கப்பட்டது. வங்கி அதன் பிறகு அனுப்பிய எழுத்துப்பூர்வமான பதிலைப் பற்றித்தான் இந்தப் பதிவு. வங்கியின் பெயரைக் குறிப்பிடப்போவதில்லை. இதே வாசகங்களை நீங்கள் எந்த வங்கியிடமிருந்தும் பெறக்கூடும்.

நான் அனுப்பிய கடிதத்தில் நான்கு கோரிக்கைகள் இருந்தன. முதலாவது, கழிக்கப்பட்ட தொகை. இரண்டாவது, தாமதத்துக்கான இழப்பீடு. மூன்றாவது, மார்ச் 10 அன்று என் கடன் தவணைக்கான ஆட்டோ டெபிட் போதிய இருப்பு இல்லாமல் திரும்பியதற்காகப் பிடிக்கப்பட்ட 590 ரூபாய், அதாவது 500 ரூபாய் கட்டணமும் 18 சதவீத ஜிஎஸ்டியும். நான்காவது, எந்த ஆதாரத்தைப் பார்த்து முதல் புகாரில் பணம் எனக்குக் கிடைத்துவிட்டதாக முடிவு செய்தார்கள் என்ற கேள்வி.

வந்த பதிலின் சாரம் இதுதான்: தங்கள் புகார் உரிய துறையால் ஆராயப்பட்டது, தொகை வரவு வைக்கப்பட்டுவிட்டது, ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம், நல்லெண்ண அடிப்படையில் 500 ரூபாய் வழங்குகிறோம், புகார் தீர்க்கப்பட்டதாகக் கருதி முடிக்கப்படுகிறது. மரியாதை குறையாத கடிதம்தான். முதன்முறை வாசித்தபோது எனக்குக்கூட நிறைவாகவே இருந்தது. ஆனால் என் கடிதத்தை அருகில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கோரிக்கைக்கும் நேராகப் பதிலில் உள்ள வாக்கியத்தை எடுத்து எழுதிப் பார்த்தபோது, முதல் கோரிக்கைக்கு மட்டுமே வாக்கியம் கிடைத்தது. மற்ற மூன்றும் வெற்றிடமாக நின்றன. இப்படி ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமானால் புகார்க் கடிதத்திலேயே கோரிக்கைகளுக்கு எண் இட்டிருக்க வேண்டும்; ஒரே பத்தியாக எழுதப்பட்ட புகாரில் எது விடுபட்டது என்று பின்னர் சுட்டிக்காட்டுவது கடினம்.

இழப்பீட்டை எடுத்துக்கொள்வோம். தோல்வியடைந்த பரிவர்த்தனைகள் குறித்து இந்திய ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பர் 20 அன்று வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, ஏடிஎம்மில் பணம் வராமல் கணக்கில் கழிந்தால், பரிவர்த்தனை நாளிலிருந்து ஐந்து நாட்களுக்குள் வங்கி தானாகவே தொகையைத் திருப்ப வேண்டும். தவறினால் அதற்குப் பிந்தைய ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் வீதம் இழப்பீடு தர வேண்டும். வாடிக்கையாளர் கேட்கும்வரை காத்திராமல் அந்த இழப்பீட்டைத் தானாகவே வரவு வைக்க வேண்டும் என்பதும் அதே சுற்றறிக்கையில் உள்ளது. இங்கே நாள் என்பது நாட்காட்டி நாள், விடுமுறைகளைக் கழிப்பதற்கில்லை. என் விஷயத்தில் கெடு மார்ச் 8 அன்று முடிந்தது. மார்ச் 9 முதல் ஏப்ரல் 13 வரை மட்டும் கணக்கிட்டாலே 36 நாட்கள், அதாவது 3,600 ரூபாய். அந்த இடத்தில்தான் 500 ரூபாய் "நல்லெண்ணத் தொகை" வந்து உட்கார்ந்திருக்கிறது. விதிப்படி தர வேண்டியதை இழப்பீடு என்று அழைத்தால் நாள்கணக்கு காட்ட வேண்டும். நல்லெண்ணம் என்று அழைத்தால் எந்தக் கணக்கும் காட்ட வேண்டியதில்லை. போதாக்குறைக்கு, அந்த 500 ரூபாய் எந்தத் தேதிக்குள் எந்தக் கணக்கில் வரும் என்றும் எழுதவில்லை. தொகை, தேதி, கணக்கு ஆகிய மூன்றில் ஒன்று விடுபட்டாலும் அந்த வாக்கியத்தை நிவாரணமாக எண்ண வேண்டாம்.

மூன்றாவது கோரிக்கையின் நிலையும் இதுவே. 10,000 ரூபாய் கழிவதற்கு முன் என் இருப்பு ஏறத்தாழ 14,000 ரூபாய்; தவணை 6,200 ரூபாய். மார்ச் 8க்குள் பணம் திரும்பியிருந்தால் மார்ச் 10 அன்று தவணை தடையின்றிப் போயிருக்கும். தாமதத்துக்கும் 590 ரூபாய்க்கும் உள்ள தொடர்பை வங்கி மறுக்கவில்லை. அதைப் பற்றிப் பேசவே இல்லை. மறுத்திருந்தால் காரணம் சொல்ல வேண்டியிருந்திருக்கும்.

நான் முக்கியமாக எச்சரிக்க விரும்புவது இனிதான். புகாரை முழுவதுமாகவோ பகுதியாகவோ நிராகரிக்க நினைக்கும் வங்கி, அந்த முடிவை வாடிக்கையாளருக்குத் தெரிவிக்கும் முன், இத்தகைய நிராகரிப்புகளை மறுபரிசீலனை செய்யவென்றே வங்கிக்குள் நியமிக்கப்பட்டுள்ள உள் குறைதீர்ப்பாளரின் பரிசீலனைக்கு அனுப்ப வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் நெறிமுறை. கிளைகள் மிகக் குறைவாக உள்ள சிறு வங்கிகளைத் தவிர, பெரும்பாலான வணிக வங்கிகளுக்கு இது பொருந்தும். ஆனால் நான்கில் ஒன்றை மட்டும் கொடுத்துவிட்டு "தீர்க்கப்பட்டது" என்று குறியிட்டால், பதிவேட்டில் அது நிராகரிப்பாகவே தோன்றாது. உள் குறைதீர்ப்பாளரின் மேசைக்கும் போகாது. ஆகவே பதிலில் உள் குறைதீர்ப்பாளர் பரிசீலித்ததாக ஏதேனும் சொல்லப்பட்டிருக்கிறதா என்று தேடுங்கள். கோரிக்கைகள் விடுபட்டு, அந்தக் குறிப்பும் இல்லையென்றால், உங்கள் புகார் அந்தப் படியைத் தொடாமலேயே மூடப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம்.

நான் அனுப்பிய மறுகடிதம் ஒரு பக்கம்தான். "உங்கள் பதில் முதல் கோரிக்கையை மட்டுமே தீர்க்கிறது; இரண்டு, மூன்று, நான்கு ஆகியவற்றுக்குப் பதில் இல்லை. 500 ரூபாயை இரண்டாவது கோரிக்கையில் ஒரு பகுதியாக மட்டுமே ஏற்கிறேன். முழுத் தீர்வாக ஏற்கவில்லை. மீதி 3,100 ரூபாயையும் 590 ரூபாயையும் தர மறுப்பதாயின், இதைப் பகுதி நிராகரிப்பாகப் பதிவு செய்து, உள் குறைதீர்ப்பாளரின் முடிவுடனும் காரணத்துடனும் பதில் தாருங்கள்" என்று எழுதினேன். பணத்தைப் பெற்றுக்கொண்டு மௌனமாக இருந்துவிட்டால், அதையே சம்மதம் என்று வங்கி பின்னர் வாதிடக்கூடும் என்பதால்தான் அந்த ஏற்பு வாக்கியத்தைச் சேர்த்தேன்.

அடுத்த பதிலில் சாக்கு மாறியது: ஏடிஎம் வேறு வங்கிக்குச் சொந்தமானது, தாமதம் அவர்களுடையது என்றார்கள். அது இரு வங்கிகளும் தங்களுக்குள் தீர்த்துக்கொள்ள வேண்டிய விஷயம்; என் கணக்கும் அட்டையும் இந்த வங்கியுடையவை. நான் இதை ஏற்காமல் cms.rbi.org.in தளத்தில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் புகார் அளித்தேன். அப்போது நடப்பில் இருந்த 2021ஆம் ஆண்டுக் குறைதீர்ப்பாளர் திட்டப்படி, வங்கி 30 நாட்களுக்குள் பதில் தராவிட்டாலும், தந்த பதில் நிறைவளிக்காவிட்டாலும் அங்கே போகலாம். பதில் கிடைத்த நாளிலிருந்து ஓராண்டு அவகாசம் இருந்தது. என் கடிதம், வங்கியின் இரண்டு பதில்கள், எந்தக் கோரிக்கைக்கு எந்த வாக்கியம் பதில் என்று காட்டும் ஒரு பக்க அட்டவணை ஆகியவற்றை இணைத்தேன்.

அதன் பிறகு 3,100 ரூபாயும் 590 ரூபாயும் கணக்கில் வந்தன. நான்காவது கேள்விக்கு, ஒவ்வொரு பரிவர்த்தனையையும் ஏடிஎம் தானே குறித்துவைக்கும் மின்னணு ஜர்னல் பதிவையும் அன்றைய பண இருப்புக் கணக்கையும் சரிபார்த்தபோது அந்த இயந்திரத்தில் 10,000 ரூபாய் உபரியாக இருந்தது என்று எழுதினார்கள். முதல் புகாரை முடித்தபோது இவற்றைப் பார்த்தார்களா என்பதற்கு மட்டும் அந்தக் கடிதத்திலும் ஒரு வரியும் இல்லை.