ஸ்ரீவில்லிபுத்தூர் – தேனி: நேர் வண்டியா, இரண்டு இடத்தில் மாறிப் போவதா?

ஸ்ரீவில்லிபுத்தூரில் வீடு, தேனியில் வேலை. வாரக் கடைசியில் வீடு, திங்கள் காலையில் மறுபடி பஸ். சில வருடங்களாக இப்படித்தான் போகிறது. இந்தத் தடத்தில் போகிறவர்கள் எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: நேர் வண்டியில் ஏறி உட்கார்ந்துவிடலாமா, டி.கல்லுப்பட்டியிலும் உசிலம்பட்டியிலும் மாறி வேகமாகப் போய்ச் சேரலாமா? என் அனுபவத்தில் எனக்குப் பிடிபட்டதை எழுதுகிறேன்.

முதலில் தடம். ஸ்ரீவில்லிபுத்தூர், கிருஷ்ணன்கோவில், டி.கல்லுப்பட்டி, பேரையூர், உசிலம்பட்டி, கணவாய் இறங்கி ஆண்டிபட்டி, பிறகு தேனி. சுமார் 110 கிலோமீட்டர். நேர் வண்டியும் இதே வழிதான், மாறிப் போனாலும் இதே வழிதான். வித்தியாசம் ஓட்டத்தில். நேர் வண்டி சாதாரண வண்டி. கை காட்டிய இடமெல்லாம் நிற்கும், கல்லுப்பட்டி, பேரையூர், உசிலம்பட்டி பஸ் ஸ்டாண்டுகளில் உள்ளே போய் நேரம் பார்த்துப் புறப்படும். மூன்றே முக்கால் மணி நேரம் ஆகிவிடும். மாறிப் போனால் முதல் துண்டுக்கு மதுரை போகும் எக்ஸ்பிரஸ், கடைசித் துண்டுக்கு மதுரையிலிருந்து தேனி, கம்பம் பக்கம் போகும் வண்டி. இரண்டும் அடிக்கடி வரும், வேகமாகவும் ஓடும். எல்லாம் ஒத்து வந்தால் மூன்று மணி நேரம் கொஞ்சம் கூடக்குறைய.

சிக்கல் நடுத்துண்டு. கல்லுப்பட்டியிலிருந்து பேரையூர் வழியாக உசிலம்பட்டி வரைக்கும் முப்பத்தைந்து கிலோமீட்டர் போல இருக்கும். அதில் ஓடுகிற வண்டிகள் குறைவு. எழுதியிருக்கிற நேரம் ஒன்று, வருகிற நேரம் ஒன்று. சில வண்டிகள் எழுமலை சுற்றிக்கொண்டு போகும். ஒரு வண்டி வராமல் போனால் அடுத்ததற்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் நிற்க வேண்டியிருக்கும். மற்ற இரண்டு துண்டிலும் ஒரு வண்டி தவறினால் பத்து நிமிடம் போகும், அவ்வளவுதான். ஆகவே "மாறிப் போனால் எவ்வளவு நேரம்" என்று சராசரி போட்டுப் பார்ப்பதில் பயனில்லை. நடு வண்டி கிடைத்த நாள் ஒரு கணக்கு, கிடைக்காத நாள் இன்னொரு கணக்கு.

காலை 6 மணியை வைத்துப் பார்ப்போம். நேரங்கள் கணக்குக்காகத்தான், அட்டவணை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். 6 மணி நேர் வண்டியில் ஏறினால் தேனியில் இறங்க 9.45. அதே 6 மணிக்கு மதுரை வண்டியில் ஏறினால் 6.50க்குக் கல்லுப்பட்டி. 7 மணிக்கு நடு வண்டி கிடைத்தால் 8 மணிக்கு உசிலம்பட்டி, பத்து நிமிடத்தில் அடுத்த வண்டி, 9.05க்குத் தேனி. நாற்பது நிமிடம் லாபம். அந்த 7 மணி வண்டி வரவில்லை, அடுத்தது 8.10க்குத்தான் என்றால் தேனி போய்ச் சேர 10.15. அரை மணி நேரம் நஷ்டம். லாபமும் நஷ்டமும் கிட்டத்தட்ட ஒரே அளவு என்பதால், நடு வண்டியை நம்ப முடியாத தடத்தில் மாறிப் போவதே வீண் என்றுதான் தோன்றும். பலரும் அப்படிச் சொல்லித்தான் நேர் வண்டிக்கே காத்திருக்கிறார்கள்.

ஆனால் இந்தக் கணக்கில் ஒன்று விட்டுப்போகிறது. நாம் ஸ்ரீவில்லிபுத்தூரில் விட்டுவிட்டு வந்த நேர் வண்டி எங்கேயும் போய்விடவில்லை. அதே ரோட்டில் நமக்குப் பின்னால் உருட்டிக்கொண்டு வருகிறது. 6 மணிக்குப் புறப்பட்ட அது கல்லுப்பட்டிக்கு வர 7.10 ஆகும். அதாவது 7 மணி நடு வண்டி வராவிட்டால் 8.10 வரைக்கும் நிற்க வேண்டியதில்லை. நேர் வண்டியிலேயே ஏறிக்கொள்ளலாம். தேனிக்கு அதே 9.45. இழப்பது உட்கார இடம் ஒன்றுதான், அதுவும் பேரையூரில் ஆள் இறங்கினால் கிடைத்துவிடும்.

எனக்கு இந்தத் தடத்தில் மிகவும் பயன்பட்டது இதுதான். மாறிப் போவதாக இருந்தால் நேர் வண்டிக்கு முன்னால், அல்லது அதோடு சேர்ந்தே புறப்பட வேண்டும். கால் மணி நேரம் முன்னால் என்றால் இன்னும் நல்லது, கல்லுப்பட்டியில் நடு வண்டியைப் பிடிக்கக் கூடுதல் அவகாசம் கிடைக்கும். அப்படிப் போனால் மோசமான நாளிலும் நேர் வண்டியின் நேரத்துக்குப் போய்ச் சேரலாம். நல்ல நாளில் நாற்பது நிமிடம் மிச்சம். நேர் வண்டி போன பிறகு "பரவாயில்லை, மாறிப் போய்க்கலாம்" என்று கிளம்புகிறவருக்குத்தான் பின்னால் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. பார்க்க இரண்டும் ஒரே பயணம் மாதிரி இருக்கும், ஆபத்து முழுக்க இரண்டாவதில் இருக்கிறது.

நேர் வண்டியைத் தவறவிட்ட நாளில் நான் செய்வது வேறு. மதுரை வண்டியில் கல்லுப்பட்டிக்கு டிக்கெட் எடுப்பதில்லை, திருமங்கலத்துக்கு எடுப்பேன். இருபது கிலோமீட்டர் போலக் கூடுதல், பதினைந்து ரூபாய் பக்கம் அதிகமாகும். வண்டி கல்லுப்பட்டியில் நிற்கிற ஓரிரு நிமிடத்தில் ஜன்னல் வழியாகப் பார்த்துவிடலாம். உசிலம்பட்டி வண்டி நின்றுகொண்டிருந்தால் இறங்கிவிடுவேன், பதினைந்து ரூபாய் போனால் போகட்டும். இல்லையென்றால் எழுந்திருக்காமல் திருமங்கலம் வரைக்கும் போவேன். அங்கிருந்து செக்கானூரணிக்கு டவுன் பஸ் உண்டு. செக்கானூரணி மதுரை–தேனி ரோட்டிலேயே இருப்பதால் அங்கே தேனி வண்டிக்குப் பஞ்சமில்லை.

இந்த வழியிலும் இரண்டு மாற்றம், இதிலும் நடுத்துண்டு ஒழுங்கில்லாததுதான். ஆனால் செக்கானூரணித் துண்டு பதினைந்து கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும். டவுன் பஸ் வராவிட்டால் நாலு பேர் சேர்ந்து ஒரு ஆட்டோ பேசிக்கொள்ளலாம். கல்லுப்பட்டியிலிருந்து உசிலம்பட்டிக்கு ஆட்டோ பேசுவது நடக்கிற காரியமா? பஸ் ஒழுங்காக வருமா என்று பார்ப்பதோடு, வராவிட்டால் அந்த இடத்தில் கையில் வேறு என்ன இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். இந்த வழியில் மொத்தம் இருபது கிலோமீட்டர் சுற்று அதிகம். நேர் வண்டியை விட வேகம் என்று சொல்ல மாட்டேன், நடு ரோட்டில் நிற்க மாட்டோம் என்பதற்காகப் போகிற வழி.

நடு வண்டி வருமா வராதா என்பதை ஓரளவு முன்கூட்டியே சொல்லிவிடலாம். கல்லுப்பட்டியில் இறங்கியதும் நான் முதலில் பார்ப்பது நிற்கிற ஆட்களை. பேரையூர், சேடபட்டி பக்கத்து ஆட்கள் பை, சாக்கோடு கூட்டமாக நின்றால் வண்டி இன்னும் வரவில்லை. அந்தப் பக்கம் வெறிச்சென்று இருந்தால் இப்போதுதான் போயிருக்கிறது. டீக்கடையில் கேட்டால் சரியாகச் சொல்வார்கள், அட்டவணைப் பலகையை விட அது நம்பகமானது. பள்ளிக்கூட நேரத்து வண்டி பள்ளி விடுமுறையில் வராமல் போக வாய்ப்பு அதிகம். ஆடி அமாவாசைக்குச் சதுரகிரி கூட்டம் கிளம்பும்போதும், ஆண்டாள் கோயில் ஆடிப்பூரத் தேருக்கும், மதுரையில் சித்திரைத் திருவிழாவின்போதும் வண்டிகளைச் சிறப்புப் பேருந்தாகத் திருப்பி விடுவார்கள். அந்த நாட்களில் முதலில் காணாமல் போவது இந்த மாதிரி உள்தடத்து வண்டிதான். அப்போதெல்லாம் யோசிக்காமல் நேர் வண்டி, அதுவும் கிளம்புகிற இடத்திலேயே ஏறிவிட வேண்டும்.

கட்டணத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. 2018 ஜனவரி இறுதியில் நிர்ணயித்தபடி புறநகர் சாதாரண வண்டிக்குக் கிலோமீட்டருக்கு 58 காசு, எக்ஸ்பிரஸுக்கு 75 காசு. மூன்று டிக்கெட்டாக எடுக்கும்போது ஸ்டேஜ் கணக்கில் கொஞ்சம் ஏறும், எல்லாம் சேர்த்துப் பத்துப் பதினைந்து ரூபாய் அதிகம். பெண்களுக்கு நடுத்துண்டில் சாதாரணக் கட்டண டவுன் பஸ் கிடைத்தால் அந்தப் பகுதி இலவசம். நேர் வண்டி புறநகர் வண்டி என்பதால் அதில் அந்தச் சலுகை கிடையாது.

என் அம்மா தேனிக்கு வந்தால் இந்தக் கணக்கு எதையும் காதில் வாங்கமாட்டார். நேர் வண்டி, ஜன்னல் சீட்டு, உசிலம்பட்டியில் பத்து நிமிடம் நிற்கும்போது இறங்கிக் கால் நீட்டிக்கொள்வது. அவர் சொல்வது முழுக்கச் சரி. மூட்டு வலிக்காரர், கைக்குழந்தை, அரிசிப் பை என்று இருந்தால் நாற்பது நிமிட லாபத்துக்காக இரண்டு முறை படி ஏறி இறங்குவது நியாயமில்லை. அதோடு, உசிலம்பட்டியில் ஏறுகிற மூன்றாவது வண்டி மதுரையிலேயே நிரம்பி வரும். சனி ஞாயிறு சாயங்காலங்களில் கணவாய் வளைவுகளில் நின்றுகொண்டேதான் போக வேண்டும். நானும் அன்றைய வேலைக்கு முன் ஒரு மணி நேரம் தூங்க வேண்டும் என்றிருந்தால் நேர் வண்டியில்தான் ஏறுகிறேன்.

திரும்பி வரும்போது நிலைமை மாறும். தேனியில் சாயங்காலம் வேலை முடிந்து கிளம்பினால் உசிலம்பட்டி வரைக்கும் கவலையில்லை. ஆனால் இருட்டிய பிறகு உசிலம்பட்டியிலிருந்து கல்லுப்பட்டிப் பக்கம் வண்டி வெகுவாகக் குறைந்துவிடும், அடுத்தது எப்போது என்று சொல்லவும் ஆள் இருக்காது. காலையில் ஒரு மணி நேரம் நிற்பது வேறு, ராத்திரி எட்டரை மணிக்கு மேல் நிற்பது வேறு. ஆகவே சாயங்காலம் கடைசி நேர் வண்டிக்கு முன்னால் கிளம்பினால் மட்டும் உசிலம்பட்டியில் இறங்குவேன், பின்னால் அது வரும் என்ற தைரியத்தில்.

அதுவும் போய்விட்டது என்றால் உசிலம்பட்டியில் இறங்குவதே இல்லை. செக்கானூரணியிலும் அந்நேரத்துக்குத் திருமங்கலம் டவுன் பஸ்ஸை நம்ப முடியாது. நேரே மதுரை ஆரப்பாளையம் வரைக்கும் டிக்கெட். அங்கிருந்து டவுன் பஸ் பிடித்து மாட்டுத்தாவணி, மாட்டுத்தாவணியில் ராஜபாளையம், செங்கோட்டை வண்டி. ஊரைக் குறுக்கே கடப்பதற்கு மட்டும் முக்கால் மணி நேரம் ஆகும், வீடு போய்ச் சேர நள்ளிரவு தாண்டிவிடும். ஆனாலும் இதில் ஒவ்வொரு மாற்றமும் வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் டீக்கடையும் இருக்கிற பஸ் ஸ்டாண்டில் நடக்கிறது, தென்காசிப் பக்கம் போகிற வண்டி ராத்திரி நேரத்திலும் ஒன்றன்பின் ஒன்றாக வரும். மறுநாள் காலையில் கட்டாயம் ஊரில் இருக்க வேண்டும் என்றால் ராத்திரி இந்தச் சுற்று வழி. கட்டாயமில்லை என்றால் தேனியிலேயே படுத்துவிட்டு விடிந்ததும் முதல் நேர் வண்டி.