கடைசி பில்லிலிருந்து எத்தனை நாள்? எண்ணெய்க் கடையில் இரண்டரை வருட அனுபவம்

ஈரோட்டுப் பக்கம் எங்களுக்கு ஒரு மரச்செக்கு எண்ணெய்க் கடை. கடலை, எள்ளு, தேங்காய் மூன்றும் ஆட்டுகிறோம். கடைக்கு வந்து வாங்குகிறவர்களும் உண்டு, வாட்ஸ்அப்பில் சொல்லி வீட்டுக்கு வரவழைக்கிறவர்களும் உண்டு. யார் தொடர்ந்து வருகிறார்கள், யார் நழுவுகிறார்கள், யார் போயே போய்விட்டார்கள் என்று பார்க்க, 2023 கடைசியில் கூகுள் சீட்டில் ஒரு கணக்கு போட்டேன். இரண்டரை வருடமாக அதை வைத்துத்தான் யாருக்கு போன் போடுவது என்று முடிவு செய்கிறேன்.

முதலில் போட்டது ரொம்ப எளிது. கடைசி பில்லிலிருந்து 45 நாளுக்குள் இருந்தால் வர்றவங்க, 90 வரை நழுவுறவங்க, அதற்கு மேல் போனவங்க. 45 எங்கிருந்து வந்தது என்று கேட்டால், எங்கேயோ 30, 60, 90 என்று படித்திருந்தேன், எண்ணெய்தானே, கொஞ்சம் கூட்டி வைப்போம் என்று வைத்ததுதான்.

முதல் அடி தேதியில் விழுந்தது. பில் மெஷினிலிருந்து இறக்கி சீட்டில் ஒட்டியபோது 05/03/2024 என்பதை அது மே 3 என்று எடுத்துக்கொண்டது, ஏனென்றால் சீட்டின் நாடு அமெரிக்கா என்றே கிடந்தது. 25/03/2024 என்பதற்கு 25-ஆம் மாதம் கிடையாது, அதனால் அதை வெறும் எழுத்தாக விட்டுவிட்டது. கடைசித் தேதியை எடுத்துத் தருகிற `MAXIFS` எழுத்தைக் கணக்கில் எடுக்காது. ஆக மார்ச் 25-இல் வாங்கிய பில் காணோம், மார்ச் 5-இல் வாங்கியது மே மாதத்தில் நிற்கிறது. மார்ச் 30 அன்று பார்த்தால் ‘கடைசியாக வாங்கி −34 நாள்’ என்று வருகிறது, 45-ஐ விடக் குறைவு என்பதால் வர்றவங்க பட்டியலில் ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது. இதைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி: சீட்டில் உண்மையான தேதி வலது பக்கம் ஒட்டி நிற்கும், எழுத்தாகிப்போனது இடது பக்கம் நிற்கும். File, Settings, Locale போய் இந்தியா என்று மாற்றி, பழையதை அழித்துவிட்டு மறுபடி ஒட்டினேன், சரியாகிவிட்டது.

இது வெறும் இம்சை. உண்மையான தப்பு 45-இல்தான் இருந்தது, அது புரிய எனக்கு எட்டு மாதம் ஆனது.

பக்கத்துத் தெருவில் ஒரு டீச்சரம்மா, வீட்டில் நாலு பேர், ஒரே தடவையில் அஞ்சு லிட்டர் கடலை எண்ணெயும் ரெண்டு லிட்டர் நல்லெண்ணெயும் வாங்கிப் போவார். அவர் பில்களுக்கு நடுவில் 55, 61, 58, 60 நாள். என் சீட்டுப்படி ஒவ்வொரு சுற்றிலும் 46-ஆம் நாள் அவர் நழுவுறவங்க, உடனே ‘எங்களை மறந்துவிட்டீர்களா’ என்று ஒரு மெசேஜ் போகும். ஒரு நாள் கடைக்கு வந்தவர், “ஏந்தம்பி, டின்னுல பாதி எண்ணெய் கெடக்கறப்பவே மறந்துட்டீங்களான்னு கேக்கறீங்களே, குடிச்சுப்போட்டா வர முடியும்?” என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார், ஆனால் எனக்கு உறைத்தது.

அதே சமயத்தில் மெஸ் நடத்துகிற அண்ணன் ஒருவர். 9 நாளுக்கு ஒரு தடவை 15 கிலோ டின் ரெண்டு எடுப்பார். அவர் நின்றது சீட்டுக்கு 46-ஆம் நாள்தான் தெரிந்தது. 9 நாளுக்கு ஒன்று என்று பார்த்தால் அதற்குள் அஞ்சு தடவை வராமல் இருந்திருக்கிறார். நான் போன் போட்டபோது வேறு இடத்தில் வாங்கப் பழகி, அங்கே கடன் கணக்கும் ஆரம்பித்திருந்தார். ஒழுங்காக வருகிறவருக்குத் தொந்தரவு, போகிறவரிடம் வாயைத் திறக்கவில்லை, ரெண்டையும் ஒரே எண் செய்திருக்கிறது.

அப்புறம் மாற்றினேன். எத்தனை நாள் ஆச்சு என்பதை அவரவர் வழக்கமான இடைவெளியோடுதான் ஒப்பிட வேண்டும். Bills தாளில் A போன் நம்பர், B தேதி, C தொகை. முதலில் நம்பர் வாரியாக, அதற்குள் தேதி வாரியாக அடுக்கிவிட்டு, D-இல் இரண்டு பில்லுக்கு நடுவே எத்தனை நாள் என்பது:

```
=IF(AND(A3=A2,B3-B2>2),B3-B2,"")
```

2 நாளுக்கு மேல் என்று எதற்கு வைத்தேன் என்றால், தேங்காய் எண்ணெயை மறந்துவிட்டு மறுநாளே திரும்பி வருகிறவர்கள் நிறைய. அந்த 0, 1 எல்லாம் சேர்ந்தால் இடைவெளி கீழே இறங்கிவிடும். அடுத்து வாடிக்கையாளர் தாளில் B கடைசி தேதி, C நாள், D வழக்கமான இடைவெளி, E நிலை:

```
B2: =MAXIFS(Bills!B:B,Bills!A:A,A2,Bills!C:C,">0")
C2: =TODAY()-B2
D2: =IF(COUNTIF(Bills!A:A,A2)<4,30,MEDIAN(FILTER(Bills!D:D,Bills!A:A=A2)))
E2: =IFS(C2<0,"தேதி தப்பு",C2>40000,"பில் இல்லை",C2<=1.5*D2,"வர்றவங்க",C2<=3*D2,"நழுவுறவங்க",TRUE,"போனவங்க")
```

சராசரி போடாமல் `MEDIAN` போட்டதற்குக் காரணம், ஒருவர் மூணு மாதம் மகள் வீட்டுக்குப் போய்விட்டு வந்தால் அந்த ஒரே ஒரு 90 சராசரியைத் தூக்கிவிடும், நடு எண் அசையாது. நாலு பில்லுக்குக் குறைவாக இருப்பவர்களுக்குத்தான் 30, அதாவது பழைய 45, 90 கணக்கே. தொகை 0-க்கு மேல் என்பது, ஒழுகின டின்னை மாற்றிக் கொடுத்துப் போட்ட பூஜ்ய பில் கடைசிக் கொள்முதலாக எண்ணப்படாமல் இருக்க. 40000 எதற்கு? பில்லே இல்லாத நம்பருக்கு `MAXIFS` 0 தரும், சீட்டுக்கு 0 என்றால் 1899-ஆம் வருடம், அதனால் 46 ஆயிரத்துச் சொச்சம் நாள் என்று காட்டும்.

இப்போது டீச்சரம்மாவின் நடு எண் 59, ஒன்றரை மடங்கு என்றால் 88 நாள் வரை அவரைத் தொந்தரவு செய்வதில்லை. மெஸ்காரர்களுக்கு 9 என்றால் 14-ஆம் நாளே பெயர் நிறம் மாறிவிடும். பட்டியலில் யாராவது மெஸ் நழுவினால் அன்றைக்கே நான் நேரில் போய்விடுகிறேன், வீட்டுக்காரர்களுக்கு மெசேஜ் போதும்.

தீபாவளிப் பலகாரத்துக்கு மட்டும் வருகிறவர்களை இந்தக் கணக்கில் வைக்காதீர்கள். வருடத்தில் முக்கால்வாசி நாள் அவர்கள் போனவங்க என்று காட்டும், ஐப்பசியில் திடீரென்று எல்லோரையும் மீட்டுக்கொண்டு வந்தது மாதிரி தெரியும், என் மெசேஜுக்குத்தான் வந்தார்கள் என்று ஒரு வருடம் நான் ஏமாந்தேன். இப்போது அவர்களுக்குத் தனித் தாள், புரட்டாசிக் கடைசியில் ஒரே ஒரு செய்தி.

இன்னொன்று, `TODAY()` தினமும் மாறுவதால் போன மாதம் யார் எந்த நிலையில் இருந்தார்கள் என்பது சீட்டில் நிற்காது. மாதக் கடைசியில் E வரிசையை மதிப்பு மட்டுமாக இன்னொரு தாளில் ஒட்டி வைக்கிறேன். வர்றவங்களிலிருந்து எத்தனை பேர் நழுவினார்கள் என்பதை அதில்தான் பார்க்க முடிகிறது. ஆரம்பத்தில் இதைச் செய்யாததால் முதல் வருடத்துக்கு என்னிடம் எதுவும் இல்லை.

வீட்டுக்காரர் நம்பரில் ஒரு தடவை, அம்மா நம்பரில் ஒரு தடவை பில் போட்டால் இரண்டு பேருமே நழுவுவது மாதிரி வரும். பில் போடும் பையனிடம் “எந்த நம்பருங்க, போன தடவை குடுத்ததா?” என்று கேட்கச் சொல்லியிருக்கிறேன். பாதி நாள் கேட்கிறான்.

கடைசியாக ஒரு ஓட்டை, இன்னும் அடைக்கவில்லை. போன தை மாதம் இன்னொரு மெஸ்காரர், 8 நாளுக்கு ஒருமுறை தவறாமல் வந்துகொண்டிருந்தார், சீட்டில் பச்சை. பில்லைத் திறந்து பார்த்தால் ரெண்டு டின் எடுத்தவர் மூணு மாதமாக ஒன்றுதான் எடுக்கிறார். மீதி எங்கே வாங்குகிறீர்கள் என்று கேட்டதற்கு, “பொரிக்கறதுக்கு பாமாயில் போட்டுட்டோம் தம்பி, தாளிக்கறதுக்குத்தான் உங்குளுது” என்றார். தேதியை மட்டும் பார்க்கிற கணக்குக்கு அது தெரிய வழியே இல்லை.