மீன் வாடை திரும்பி வந்தால்: ஜெல்லா, கணவருக்கும் மருந்தா?

பிறப்புறுப்பில் பாக்டீரியாக்களின் சமநிலை குலைந்து மீன் வாடை வருவதுதான் பாக்டீரியல் வஜினோசிஸ். ஏழு நாள் மாத்திரையில் வாடை போய்விடும். அடுத்த மாதவிடாயோ உடலுறவோ முடிந்ததும் அதே மீன் வாடை, அதே சாம்பல் நிறத் தண்ணீர்ப் போக்கு. இந்தப் பிரச்சினையில் இது சகஜம்.

முதல் வழி, சிகிச்சை முடிந்த பிறகும் மெட்ரோனிடசோல் என்ற கிருமிக்கொல்லி ஜெல்லை வாரம் இருமுறை பிறப்புறுப்புக்குள் வைப்பது. நான்கு மாதமாவது தொடர வேண்டும். வைக்கும்வரை நன்றாக அடங்கும், நிறுத்தினால் பலருக்குத் திரும்பும். நடுவில் ஈஸ்ட் தொற்று வந்து அரிப்பு எடுக்கவும் செய்யலாம்.

இரண்டாவது, கணவருக்கும் சேர்த்து மருந்து. ஒரே ஆண் துணை உள்ள பெண்களிடம் நடந்த ஆஸ்திரேலிய ஆய்வு 2025இல் வெளியானது. ஆண்களுக்கு ஏழு நாள் மெட்ரோனிடசோல் மாத்திரை, கூடவே ஆணுறுப்பில் தினம் இருமுறை கிளிண்டமைசின் கிரீம். பெண்ணுக்கு மட்டும் மருந்து தந்தபோது 12 வாரத்தில் 63 சதவீதம் பேருக்குத் திரும்பியது. இருவருக்கும் தந்தபோது 35. ஆணுக்கு மாத்திரை மட்டும் தந்த பழைய ஆய்வுகள் பலன் தரவில்லை. கிருமி தோலிலும் ஒட்டியிருக்கிறது அல்லவா, கிரீம் அதற்குத்தான். அந்த ஏழு நாளும் உறவு கூடாது.

ஒரே துணை என்றால் நான் இரண்டாவதைத்தான் டாக்டரிடம் முதலில் கேட்பேன். கணவர் ‘எனக்கு ஒன்றுமில்லையே’ என்று மறுத்தால், சரி, ஜெல். எதுவானாலும் உள்ளே சோப்பு, வாஷ் போட்டுக் கழுவுவதை நிறுத்துங்கள். காக்கும் நல்ல பாக்டீரியாவான லாக்டோபேசிலஸும் அதில் போய்விடுகிறது.